ரிவ்யூவர் கேட்ட ஆறு பேப்பர்கள்: மறுப்பை எப்படி எழுதினீர்கள்?

கவின்: நிலத்தடி நீரிலிருந்து அலுமினாவை வைத்து ஃபுளோரைடு நீக்குவது பற்றிய கட்டுரைக்கு 'மேஜர் ரிவிஷன்' வந்திருக்கிறது. இரண்டாவது ரிவ்யூவர் ஆறு பேப்பர்களை மேற்கோள் காட்டச் சொல்கிறார். ஆறிலும் ஒரே ஆசிரியர் பெயர். நான்கு நானோ திரவங்களில் வெப்பம் கடத்தப்படுவதைப் பற்றியவை, ஒன்று சாயக்கழிவு நீர். மீதி ஒன்றுதான் அலுமினாவும் ஃபுளோரைடும். "ஆறையும் போட்டு முடிச்சிடுப்பா" என்கிறார் கைடு. இப்படி வந்தபோது நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்?

முருகவேல்: அந்தக் கருத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். முடிவெடுப்பது எடிட்டர்தான், ரிவ்யூவர் இல்லை.

செல்வராணி: முடிவு எடிட்டர் கையில் என்பது சரி. ஆனால் பதில் சொல்லாமல் விடக்கூடாது. அடுத்த சுற்றில் "என் கருத்துக்குப் பதில் இல்லை" என்று ரிவ்யூவர் எழுதினால், அது உண்மையாகவே இருக்கும்.

கவின் தம்பி, முதலில் ஆறையும் திறந்து சுருக்கம், முடிவுரை இரண்டையும் படியுங்கள். அந்த ஃபுளோரைடு பேப்பர் பயன்படக்கூடும். அலுமினா ஃபுளோரைடை நன்றாகப் பிடிப்பது பிஎச் 5 முதல் 6 வரை. காரத்தன்மை ஏறினால் ஹைட்ராக்சைடு போட்டிக்கு வந்து அளவு குறைந்துவிடும். அவர்கள் எந்த பிஎச்சில் அளந்தார்கள், ஒரு கிராமுக்கு எவ்வளவு பிடித்தது என்று பார்த்து, உங்கள் எண்ணோடு ஒப்பிட்டு இரண்டு வரி எழுதலாம். அது நியாயமான மேற்கோள்.

சாயப் பேப்பருக்கும் உங்களுக்கும் பொதுவாக இருப்பது இயக்கவியல் சமன்பாடு மட்டும்தான் என்றால், அதற்கு ஹோவும் மெக்கேயும் 1999இல் எழுதிய மூலக் கட்டுரையைக் காட்டுங்கள். பின்னால் பயன்படுத்தியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

பதில் கடிதத்தின் சாரம் இப்படி இருக்கட்டும்:

"பரிந்துரைத்த ஆறு கட்டுரைகளையும் படித்தோம், நன்றி. அலுமினா பற்றியதை 3.2 பகுதியில் எங்கள் முடிவுகளோடு ஒப்பிட்டுச் சேர்த்துள்ளோம். மற்ற ஐந்தும் வெப்பக் கடத்தலையும் சாய நீக்கத்தையும் ஆராய்பவை. அவற்றைச் சார்ந்து நிற்கும் கூற்று எங்கள் கட்டுரையில் இல்லாததால் சேர்க்கவில்லை. எங்கள் கூற்று ஏதேனும் ஆதாரமின்றி நிற்பதாகத் தோன்றினால் அந்த வரியைக் குறிப்பிடுமாறு வேண்டுகிறோம். உரிய ஆதாரம் சேர்க்கிறோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பேச்சு யாருடைய பேப்பர் என்பதிலிருந்து எந்தக் கூற்றுக்கு ஆதாரம் தேவை என்பதற்குத் திரும்பிவிடும். "உங்கள் கட்டுரைகள்" என்று எங்கும் எழுத வேண்டாம். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஆசிரியரின் மாணவராகக்கூட இருக்கலாம்.

ஜெனிஃபர்: எங்களுக்கும் இதேதான் வந்தது. எடிட்டரே அந்த ஜர்னலில் கடைசி இரண்டு வருடத்தில் வந்த ஐந்து பேப்பர்களைச் சேர்க்கச் சொன்னார்.

செல்வராணி: அது வேறு விஷயம்மா. இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகளை வைத்துக் கணக்கிடப்படுவது. அதனால்தான் குறிப்பாக அந்த ஆண்டுகள். எடிட்டரே கேட்கும்போது தலைமை எடிட்டரிடமோ பதிப்பகத்திடமோதான் போக வேண்டும். கவினுக்கு எடிட்டரிடம் போகும் வழி திறந்தே இருக்கிறது.

அப்துல்: 2024இல் ஹைட்ரஜன் ஆற்றல் பற்றிய சர்வதேச ஜர்னல் ஒன்றில், ரிவ்யூவர்கள் வற்புறுத்தியதால் 35 முதல் 47 வரையான மேற்கோள்களைக் காட்டுகிறோம், இவற்றுக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பே இல்லை என்று கட்டுரைக்குள்ளேயே எழுதி, அது அப்படியே அச்சாகிவிட்டது. அதுபோல வெளிப்படையாக எழுதிவிடலாமே?

செல்வராணி: தரவுத்தளங்கள் எண்ணுவது மேற்கோள் பட்டியலைத்தான், வாக்கியத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. பதின்மூன்றும் கணக்கில் ஏறத்தான் செய்யும். கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும், கறை உங்கள் கட்டுரையில் தங்கிவிடும்.

முருகவேல்: அப்படியானால் எடிட்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டுமா? புகார் மாதிரி ஆகிவிடாதா?

செல்வராணி: சொல்லலாம், எண்ணிக்கையோடு மட்டும்: "இரண்டாம் ரிவ்யூவர் பரிந்துரைத்த ஆறிலும் ஓர் ஆசிரியர் பொதுவாக இருக்கிறார். பொருத்தமான ஒன்றைச் சேர்த்தோம், ஐந்தைச் சேர்க்கவில்லை. வேறு கருத்து இருந்தால் தெரிவியுங்கள்." நோக்கம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இதைப் பதில் கோப்பில் வைக்காதீர்கள், அது ரிவ்யூவருக்கே போகும். சமர்ப்பிக்கும் தளத்தில் எடிட்டருக்கு மட்டும் எழுதும் பெட்டி இருந்தால் அதில் எழுதுங்கள். இல்லையென்றால் கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு ஜர்னல் அலுவலகத்துக்கு மின்னஞ்சல்.

ஒரே ரிவ்யூவர் பல கட்டுரைகளில் இப்படிக் கேட்கிறாரா என்பது எடிட்டருக்கு மட்டும்தான் தெரியவரும். பயோஇன்ஃபர்மேடிக்ஸ் ஜர்னல் 2019இல் ஒரு ரிவ்யூவரைத் தடைசெய்தது அப்படித் தெரியவந்த பிறகுதான்.

அப்துல்: சாயப் பேப்பர் ஒன்றையாவது சேர்த்தால் அவர் மனம் குளிரும், இரண்டாம் சுற்று சுலபமாகும் என்று இன்னமும் நினைக்கிறேன்.

செல்வராணி: எனக்கு ஒப்பில்லை. அதைவிட அவர் கேட்ட அறிவியல் கேள்விகளுக்கு முழுப் பதில் கொடுங்கள். கூடுதல் சோதனை கேட்டிருந்தால் செய்துவிடுங்கள். நிராகரிக்கக் காரணம் குறையும்.

கவின்: கேட்டிருக்கிறார் அக்கா, மூன்று முறை மறுபயன்பாடு செய்த பிறகு கொள்ளளவு எவ்வளவு என்று. அதை இந்த வாரமே அளக்கிறேன். கடித வரைவை நாளை கைடிடம் காட்டுகிறேன். நான்கு வெப்பப் பேப்பர்களை விட ஒப்புக்கொள்வார். சாயப் பேப்பரில்தான் அப்துல் அண்ணன் சொல்வதையே சொல்வார் என்று நினைக்கிறேன்.