பொருள்: ‘யுடிலிடி’ உடைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மாலதி:
வணக்கம். 1940களின் பிரிட்டிஷ் பெண்கள் உடை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். போர்க்கால அரசுத் திட்டத்தில் வந்த ‘யுடிலிடி’ உடையைப் ‘பயன்பாட்டு உடை’ என்று போட்டால் ஏதோ வேலைக்காரச் சீருடை மாதிரி ஒலிக்கிறது. வேறு சொல் உண்டா? கூடவே ஒரு நீல ரேயான் கவுனின் படங்களை இணைத்திருக்கிறேன். அது அந்தக் காலத்ததா என்றும் சொல்லுங்கள்.

சுந்தர்:
‘போர்க்கால உடை’ போதுமே. தோளில் பேட், முழங்காலோடு நிற்கும் ஸ்கர்ட், உள்ளே சிசி41 என்ற அரசு முத்திரை. மூன்றும் இருந்தால் போர்க்காலம்தான், இதில் குழம்ப ஒன்றுமில்லை.

அருள்மொழி:
சுந்தர், மூன்றுமே தனித்தனியாகக் காலை வாரிவிடக்கூடியவை. அகலத் தோள் போருக்கு முன்பே, 1930களின் கடைசியிலேயே வந்துவிட்டது. 1980களில் மறுபடியும் வந்தது. சிசி41 முத்திரை 1941இல் தொடங்கி 1952 வரை ஓடியது. அதனால் 1947இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் டியோர் தோளைச் சரித்து ஸ்கர்ட்டை விரித்த பிறகு தைத்த கவுனிலும் அதே முத்திரை இருக்கலாம்.

இன்னொன்று. இங்கே இருப்பது ஒரு சட்டமல்ல, இரண்டு. யுடிலிடி என்பது துணியின் தரத்துக்கும் விலைக்குமான ஏற்பாடு, முத்திரை அதற்குத்தான். ஆஸ்டெரிடி என்பது 1942இல் வந்த வெட்டுக் கட்டுப்பாடு: ஒரு கவுனுக்கு இரண்டு பாக்கெட், ஐந்து பட்டன், ஸ்கர்ட்டில் ஆறு தையலுக்கு மேல் கூடாது. முத்திரை இல்லாத உடைக்கும் இது செல்லும். ஆகவே நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

கோவிந்தன்:
எங்கள் வீட்டில் ‘கண்ட்ரோல் துணி’ என்பார்கள். யுத்த காலத்தில் வரிசையில் நின்று வாங்கிய முரட்டுத் துணியைப் பற்றி அம்மா கதைகதையாகச் சொல்வார். அந்தச் சொல்லே மக்களிடம் இருக்கிறதே, ‘கட்டுப்பாட்டு உடை’ என்று வைத்துவிடலாம்.

அருள்மொழி:
ஐயா, இந்தியாவில் 1943இல் வந்த கட்டுப்பாடு துணிக்கும் நூலுக்கும்; கவுனில் எத்தனை பட்டன் என்று அது கேட்கவில்லை. பிரிட்டனில் கேட்டார்கள். ‘கட்டுப்பாட்டு உடை’ என்றால் இரண்டு சட்டங்களும் மறுபடி ஒன்றாகிவிடும். நான் சொல்வது: யுடிலிடிக்கு ‘முத்திரை உடை’, ஆஸ்டெரிடிக்கு ‘சிக்கன வெட்டு’.

இனி மாலதியின் கவுன். வெளிப்புறத்தை விட்டுவிட்டு உள்பக்கப் படத்தைப் பாருங்கள். தோள் பேட் பஞ்சு அடைத்து, அதே நீலத் துணியில் உறை போட்டது. 1980களின் கவுன் என்றால் பெரும்பாலும் ஸ்பாஞ்ச் இருக்கும், தையல் ஓரங்களில் ஓவர்லாக் ஓடியிருக்கும், துவைக்கும் குறிப்புச் சீட்டும் தொங்கும். இதில் ஓரங்களை ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டி அப்படியே விட்டிருக்கிறார்கள். இடப்பக்க இடுப்பில் ஜிப் இல்லை, பிரஸ் பட்டனும் ஒரு ஹூக்கும்தான். உலோகம் தட்டுப்பாடான காலத்துக்கு அது பொருந்தும். ஸ்கர்ட் தையல் ஆறு, பட்டன் நான்கு. பாக்கெட் மாதிரி தெரிவது வெறும் மூடி மட்டும், கை நுழையாது.

ஆனால் தோள்பகுதித் துணியைக் கவனியுங்கள். அது வேறு துணி. அதன் ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. வேறொரு உடையைப் பிரித்து எடுத்தது. கீழ்மடிப்புக்கு மேலே வெளுத்த கோடு ஒன்றும் இருக்கிறது, முன்பு மடித்திருந்த இடம். ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன், ரேயான் கவுன் ஒன்றுக்கே 7 என்று தொடங்கிய பிரிட்டிஷ் உடைப் பங்கீட்டில், புதிது வாங்குவதைவிட இப்படிச் செய்வதே நடந்தது.

சுந்தர்:
அப்படியானால் முத்திரை எங்கே? அது இல்லாமல் போர்க்காலம் என்று எப்படி அடித்துச் சொல்வது?

அருள்மொழி:
அடித்துச் சொல்லவில்லை. கழுத்துச் சீட்டு வெட்டப்பட்டிருக்கிறது. கடையில் வாங்கியதா, வீட்டில் தைத்ததா என்பதும் தெரியவில்லை. 1942க்கும் 1947க்கும் இடையில் என்பது என் கணிப்பு. தோள்துணி மாற்றம் அதற்குப் பிறகும் நடந்திருக்கலாம்.

மாலதி:
அந்தத் தோள்துணி வேலைக்கு ‘ஒப்பேற்று’ என்று சொல்லலாமா? பிரிட்டிஷ் வணிக வாரியம் 1943இல் கையேடு போட்டுச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். ‘ஒட்டுப்போட்டது’ என்றால் கிழிசல் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

கோவிந்தன்:
‘ஒப்பேற்று’ எனக்குச் சம்மதம். ‘முத்திரை உடை’ வேண்டாம். அரசாங்கச் சேலை மாதிரி இருக்கிறது.

அருள்மொழி:
அதற்கு மாற்றாக ‘விலைவரம்பு உடை’ என்று யோசித்தேன், துணித்தரம் விட்டுப்போகிறது. ‘சிக்கன வெட்டு’க்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, அதைப் போட்டுவிடுங்கள். மாலதி, பேட் உறையின் உள்தையலைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நூல் உடம்புத் தையலோடு ஒத்துப்போகாவிட்டால் பேட்டைப் பின்னால் மாற்றியிருக்கிறார்கள், அப்போது என் கணிப்பில் ஒரு கால் போய்விடும்.