கேட்காமலே சீ.வி.யை அனுப்பப் பார்க்கும் ஏஜென்சியிடம் முகம் முறியாமல் மறுப்பது

காசல்ரீ
ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் கொழும்பு ஏஜென்சி ஒன்றில் பதிந்து சீ.வி. கொடுத்திருந்தேன். இன்றைக்கு மூன்றரை மணிக்குக் கோல் வந்தது. "நுவரெலியாவில் நல்ல ஹோட்டல், கணக்குப் பகுதியில் எக்ஸெக்டிவ் வேலை, ஐந்து மணிக்குள் லிஸ்ட் போகணும், உங்களையும் போட்டுடறேன்" என்றார். பெயரைக் கேட்டால் இப்போது சொல்ல முடியாதாம். எங்கள் தொழிற்சாலை இருக்கும் குழுமத்துக்கே நுவரெலியாவில் ஹோட்டல் இருக்கிறது. அதைத் தவிர இரண்டு ஹோட்டலுக்கு நானே நேரடியாக எழுதியும் இருக்கிறேன். அவரைப் பகைத்துக்கொள்ளவும் மனமில்லை. எப்படிச் சொல்வது?

கட்டுகஸ்தோட்டை
தம்பி, ஐந்து மணிக்கு முன்னால் எழுத்தில் ஒன்று போகவேண்டும். போனில் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் பிறகு "நீங்க சரின்னுதானே சொன்னீங்க" என்ற பேச்சு வரும். ஏஜென்சிப் பக்கம் பல வருடம் வேலை பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன், "பார்க்கலாம்", "ம்ம்" இரண்டையும் அங்கே சம்மதமாகத்தான் குறித்துக்கொள்வார்கள். வட்ஸ்அப்பில் பேசினவருக்கு அதிலேயே இதை அனுப்புங்கள், பிறகு அதையே மின்னஞ்சலிலும் போடுங்கள்:

"வணக்கம். இன்று மூன்றரைக்குப் பேசியதற்கு நன்றி. நுவரெலியா கணக்கு வேலையில் எனக்கு விருப்பம் உண்டு. ஆனால் கம்பனியின் பெயர் தெரிந்து நான் எழுத்தில் சம்மதம் தரும்வரை என் சீ.வி.யை எந்த இடத்துக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சில இடங்களுக்கு நானே நேரடியாக விண்ணப்பித்திருக்கிறேன். ஒரே இடத்துக்கு இரண்டு வழியாகப் போனால் உங்களுக்கும் சிக்கலாகும். கம்பனியின் பெயர், பதவி, சம்பள அளவு மூன்றையும் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் தருகிறேன்."

விருப்பத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. அவர் பயப்படுவது நீங்கள் கைநழுவிப் போய்விடுவீர்கள் என்பதற்கு. அந்தப் பயம் போனால் பாதி வேகம் குறையும். "உங்களுக்கும் சிக்கல்" என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை இல்லை, உண்மை. ஆளைச் சேர்த்துக்கொள்ளும் கம்பனிதான் ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கிறது, ஒரு மாதச் சம்பள அளவோ ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கோ. நீங்கள் முந்தியே நேரடியாகப் போன இடமென்றால் அந்தப் பணம் அவர்களுக்குக் கிடைப்பது சந்தேகம். ஒரு மணி நேரம் என்று நேரம் குறிப்பது, "நீங்க லேட், அதனால அனுப்பிட்டேன்" என்ற சாக்கை எடுத்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "நான் எழுதின ஹோட்டல் இந்த இரண்டு, இதைத் தவிர வேறெங்கேயும் அனுப்பலாம்" என்று பட்டியல் கொடுக்காதீர்கள். எங்கே ஆள் தேடுகிறார்கள் என்ற தகவலை அவர் கையில் நீங்களே கொடுத்தது போலாகும். நாளைக்கு அதே ஹோட்டலுக்கு வேறு நாலு பேரின் சீ.வி. போகும். பெயரை அவர் சொல்லட்டும், நீங்கள் ஆம், இல்லை மட்டும் சொல்லுங்கள்.

பதுளை வாசி
இவ்வளவு சுற்றி வளைக்கத் தேவையில்லை. சீ.வி.யின் முதல் பக்கத்திலேயே "என் எழுத்து மூல அனுமதியின்றி யாருக்கும் அனுப்பக்கூடாது" என்று போட்டுவிடுங்கள். பி.டி.எஃப்.க்குப் பாஸ்வேர்டும் போடலாம். இப்போது தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதை ஒரு வரி எழுதினால் ஏஜென்சி தானாக அடங்கும்.

கட்டுகஸ்தோட்டை
அண்ணே, சட்டம் இருப்பது சரி. ஆனால் முதல் கடிதத்திலேயே சட்ட இலக்கத்தை எழுதினால் அந்த ஏஜென்சி உங்கள் பெயரை ஓரமாக ஒதுக்கிவைக்கும், அடுத்த நல்ல வேலைக்குக் கூப்பிடாது. கேட்டும் கேட்காமல் அனுப்பின பிறகு பேசவேண்டிய பேச்சு அது. இன்னொன்று, பதிவுப் படிவத்தில் நாமே பொதுச் சம்மதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் சட்டத்தைக் காட்டினதும் அவர்கள் அந்தத் தாளைக் காட்டுவார்கள்.

முதல் பக்கத்தில் எழுதுவதும் நிற்காது. பெரும்பாலும் ஏஜென்சி நம் சீ.வி.யை அப்படியே அனுப்புவதில்லை. தங்கள் தலைப்பும் லோகோவும் உள்ள படிவத்தில் திருப்பி அடித்து, நம் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் எடுத்துவிட்டு அனுப்புவார்கள், கம்பனி நேராக நம்மைப் பிடித்துவிடக்கூடாது என்பதற்காக. நீங்கள் எழுதின வரி அங்கேயே காணாமல் போகும். வேர்ட் ஃபைலாகக் கேட்பதும் இதற்குத்தான். கொடுப்பதில் குற்றமில்லை, ஆனால் திருத்தின பிரதியை அனுப்புமுன் காட்டச் சொல்லுங்கள். எதிர்பார்க்கும் சம்பளம் என்ற இடத்தில் நீங்கள் சொல்லாத தொகை ஏறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பொகவந்தலாவை அம்மா
என் மகளுக்கும் இதே பிரச்சினைதாங்க. வெளிநாட்டுக்கு அனுப்புறேன்னு ஒரு ஆள் வந்து பாஸ்போட்டையும் போட்டோவையும் வாங்கிட்டுப் போனாரு. எந்த வீட்டுக்கு, எந்த ஊருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. அவருக்கும் இந்த மாதிரி எழுதி அனுப்பலாமா?

கிரகரி வாவி
அம்மா, உங்களுடையது வேறு விஷயம், இதைவிட அவசரம். முதலில் பாஸ்போட்டைத் திருப்பி வாங்குங்கள். அந்த ஆள் எந்த ஏஜென்சிக்காக வந்தார், அதன் அனுமதிப்பத்திர இலக்கம் என்ன என்று கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிச் சரிபாருங்கள். இலக்கத்தைச் சொல்ல மறுத்தால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக முறைப்பாடு செய்யுங்கள்.

காசல்ரீ தம்பிக்கு ஹோட்டல் எச்.ஆர். பக்கத்திலிருந்து ஒன்று. ஒரே ஆளின் சீ.வி. நேரடியாகவும் ஏஜென்சி வழியாகவும் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது எது எந்தத் தேதியில் வந்தது என்பதை. தேதி தெளிவாக இருந்தால் முந்தினது நிற்கும். இரண்டு ஏஜென்சி ஒரே நாளில் அனுப்பியிருந்தால், யாருக்குப் பணம் என்ற சண்டைக்குப் பயந்து ஆளையே ஒதுக்கிவிடுவது நடக்கிறது. ஆளிடம் ஒரு குறையும் இருக்காது, அவருக்குக் காரணமும் தெரியவராது.

அதைவிடப் பெரிய ஆபத்து கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஊர் சீ.வி.யில் ரெபரீ இரண்டு பேரைப் போன் நம்பரோடு போடுகிறோம், அதில் ஒருவர் பெரும்பாலும் இப்போதைய பெரிய துரை அல்லது பெரிய கிளாக்கர். சீ.வி. கைக்கு வந்தால் இன்டர்வியூவுக்கு முன்னாலேயே போன் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நுவரெலியாவில் கேட்டது அந்திக்குள் ஹட்டனுக்குத் தெரிந்துவிடும். ஏஜென்சிக்குக் கொடுக்கும் பிரதியில் ரெபரீ பெயரை எடுத்துவிட்டு "கேட்கும்போது தரப்படும்" என்று மட்டும் போடுங்கள். அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம், தோட்டம் டிவிஷன் வரைக்கும் விலாசமும் வேண்டாம், ஊர்ப் பெயர் போதும்.

காசல்ரீ
மெசேஜ் அனுப்பிவிட்டேன். "கிளையண்ட் அனுமதி இல்லாம பேர் சொல்ல ஏலாது, அடுத்த முறை பார்ப்போம்" என்று பதில் வந்திருக்கிறது. விட்டுவிடுவதா?

கட்டுகஸ்தோட்டை
விடவேண்டாம். உண்மையிலேயே பெயரை மறைக்கச் சொல்லும் கம்பனிகள் உண்டு, இருக்கிற ஆளை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடும்போது அப்படிச் செய்வார்கள். அப்போது பெயரில்லாத குறிப்பு ஒன்று கொடுக்கலாம். அரைப் பக்கம் போதும்: எத்தனை வருட அனுபவம், ஏ.ஏ.டி. எந்தக் கட்டம்வரை, எந்தக் கணக்கு மென்பொருள், மாத இறுதிக் கணக்கைத் தனியாக முடிப்பீர்களா இல்லையா. "கிளையண்ட் இதைப் பார்த்து விரும்பினால் பெயரைச் சொல்லுங்கள், அன்றே முழு சீ.வி. தருகிறேன்" என்று எழுதுங்கள். அதில் ஹட்டன் என்றோ தேயிலைத் தொழிற்சாலை என்றோ போடாதீர்கள். அந்த வட்டாரத்தில் ஊரும் வேலையும் தெரிந்தால் ஆள் யாரென்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். "உற்பத்தி நிறுவனம், மத்திய மலைநாடு" என்றால் சரி.

பெயர் வந்து உங்களுக்குப் பிடித்திருந்தால் சம்மதத்தையும் அளந்து கொடுங்கள்: "இந்தக் கம்பனியின் இந்தப் பதவிக்கு மட்டும், இன்றிலிருந்து 30 நாளுக்கு, உங்கள் ஏஜென்சி என்னை அனுப்பலாம்." நாள் கணக்கு இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே அங்கே விண்ணப்பிக்கும்போது பழைய பெயர் குறுக்கே நிற்கும்.

காசல்ரீ
குறிப்பு அனுப்பினேன். நாலே முக்காலுக்குப் பெயரைச் சொல்லிவிட்டார். நான் பயந்த மாதிரியே எங்கள் குழுமத்தின் ஹோட்டல்தான். "காரணம் சொல்ல இயலாது, இந்த ஒரு இடத்துக்கு வேண்டாம், வேறு இடம் வந்தால் கட்டாயம் சொல்லுங்கள்" என்று எழுதினேன். சரி என்றார்.

ஆனால் இப்போது பழைய பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "பொருத்தமான தொழில்தருநர்களுக்கு என் விபரங்களை அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது, கீழே என் கையெழுத்து. போன மாதமே எங்காவது போயிருந்தால்?

கிரகரி வாவி
சந்தேகப்படும் ஹோட்டலுக்கு நீங்களே ஒரு வரி எழுதுங்கள்: இந்தத் தேதியில் நேரடியாக விண்ணப்பித்தேன், வேறு வழியாக வந்திருந்தால் அது என் சம்மதத்தோடு வந்ததல்ல என்று. தேதியோடு வந்தால் எங்களுக்கு வேலை சுலபம்.

கட்டுகஸ்தோட்டை
இதில் அக்காவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. போயிருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாமல் எழுதினால், இல்லாத சண்டையைக் கம்பனி வாசலில் நாமே கொண்டுபோய் வைத்தது போலாகும். முதலில் ஏஜென்சியிடம் கேட்க வேண்டும்.

கிரகரி வாவி
ஏஜென்சி உண்மையைச் சொன்னால் சரி. சொல்லாவிட்டால் இரண்டு வாரம் போய்விடும், அதற்குள் இங்கே லிஸ்ட் மூடிவிடுவோம்.

கட்டுகஸ்தோட்டை
அதற்குத்தான் தவணை வைத்துக் கேட்பது. தம்பி, படிவத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு இதை அனுப்புங்கள், பேசினவருக்கும் ஒரு பிரதி போடுங்கள்: "பதிவுப் படிவத்தில் நான் கொடுத்த பொதுச் சம்மதத்தை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். இனி ஒவ்வொரு கம்பனிக்கும் தனியாகக் கேட்டு அனுப்பவும். இதுவரை அனுப்பியிருந்தால் எந்தக் கம்பனி, எந்தப் பதவி, எந்தத் தேதி என்று மூன்று வேலை நாளுக்குள் தெரிவிக்கவும். உங்கள் வழியாக வரும் வேலைகளில் எனக்கு இன்னும் விருப்பம் உண்டு." நாலாம் நாளும் பதில் வராவிட்டால் அக்கா சொன்னபடி ஹோட்டலுக்கு எழுதுங்கள், அப்போது நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

காசல்ரீ
அனுப்பினேன், மணி ஐந்தேகால். பட்டியல் வந்ததும் இங்கே போடுகிறேன், கம்பனிப் பெயர்களை எடுத்துவிட்டு.