உதவி: 6061 அலுமினியம் பாக்கெட்டில் 6 மிமீ எண்ட்மில் உடைகிறது, ஃபீடைக் குறைத்தால் இன்னும் சீக்கிரம்

புது_புரோகிராமர்

வணக்கம். கஸ்டமர் கொடுத்த மாடலுக்கு Fusion-ல் டூல்பாத் போட்டேன். ஜாப் 100 x 60 x 25, நடுவில் 18 மிமீ ஆழ பாக்கெட், உள் மூலைகள் R3. மெட்டீரியல் 6061. டூல் 6 மிமீ கார்பைடு, 4 பல், பல் நீளம் 20. மெஷின் சின்ன VMC, ஸ்பிண்டில் அதிகபட்சம் 6000.

2D Adaptive, Optimal Load 0.6, ஒரே ஆழத்தில் 18 மிமீ. ஃபீட் 600-இல் பாதி பாக்கெட்டில் டூல் போனது. பயந்து 300 ஆக்கினேன், அடுத்தது அதற்கும் முன்னாடியே உடைந்தது. சிமுலேஷனில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

வைஸ்காரன்

ஸ்பீட் அதிகம் தம்பி. 3000-க்கு இறக்கு, ஃபீட் அப்படியே 300 இருக்கட்டும். கூலண்ட் நாசில் பாக்கெட்டுக்குள்ளே அடிக்கிறதா? சிப் உள்ளேயே நின்றால் எந்த டூலும் தாங்காது.

மரவேலை_ரௌட்டர்

எனக்கும் இதே பிரச்சினைதான். 3018 மெஷினில் MDF வெட்டும்போது ஓரம் கருகுகிறது. ஃபீடை 200 வைத்திருக்கிறேன், அதையும் குறைக்கவா?

டூல்ரூம்_அண்ணாச்சி

புரோகிராமர் தம்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெளியே வந்த சிப் எப்படி இருந்தது, சின்னச் சின்னச் செதிலா, இல்லை தூள் மாதிரியா? உடைந்த துண்டில் பல் இடுக்கில் வெள்ளி நிறத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? அப்புறம், ரா மெட்டீரியல் தடிமன் எவ்வளவு, ஸ்டாக்கில் என்ன போட்டீர்கள்?

புது_புரோகிராமர்

தூள்தான் அண்ணாச்சி. பல் இடுக்கெல்லாம் அலுமினியம் அடைத்திருக்கிறது. பார் அறுத்து வந்தது 28. ஸ்டாக்கை நான் தொடவில்லை, அதுவாக மேலே 1 மிமீ வைத்திருக்கிறது. Z பூஜ்யம் கீழே, பேரலல் மேல்.

டூல்ரூம்_அண்ணாச்சி

அப்படியானால் மென்பொருள் நினைப்பது 26, வைஸில் இருப்பது 28. ஃபேஸிங்கில் 1 மிமீ எடுப்பதாக நினைத்து 3 மிமீ எடுத்திருக்கும். அதனால் எண்ட்மில் உடையவில்லை, ஆனால் இன்னொரு நாள் ஃபேஸ் மில் போகும். Setup-ல் Fixed size box எடுத்து 28 போடுங்கள். சிமுலேஷன் பச்சை காட்டியது இல்லாத ஒரு கட்டைக்கு.

உடைய காரணம் ஃபீட். கணக்கு இது:

```
300 / (6000 x 4) = 0.0125 மிமீ, ஒரு பல்லுக்கு
```

6 மிமீ டூலில் பக்கவாட்டில் 0.6 மட்டும் கடிக்கும்போது சிப்பின் உண்மையான தடிமன் இதில் சுமார் 60 சதவீதம்தான். அதாவது 0.0075. இந்த அளவில் பல் வெட்டாது, தேய்க்கும். சூட்டில் அலுமினியம் பல்லில் ஒட்டும், இடுக்கு அடைந்ததும் டூல் முறியும். ஃபீடைக் குறைத்தபோது சீக்கிரம் உடைந்தது அதனால்தான்.

வைஸ்காரன் சொன்னதில் பாதி சரி. 3000 ஆக்கினால் பல்லுக்குக் கிடைப்பது இரண்டு மடங்காகும், தேய்ப்பு குறையும். ஆனால் ஜாப் நேரம் அப்படியே நிற்கும். 6 மிமீ டூலுக்கு 6000 என்பது நிமிடத்துக்கு 113 மீட்டர்தான், கார்பைடுக்கு அலுமினியத்தில் அது ஒன்றும் அதிகமில்லை. சிப் வெளியேற வேண்டும் என்பது முழுக்கச் சரி, ஏர் வைத்தாவது ஊதுங்கள்.

அலுமினியத்துக்கென்றே வரும் மூன்று பல் டூல், கோட்டிங் இல்லாததாக வாங்குங்கள். 4 பல்லில் சிப் போக இடமில்லை. Feed per Tooth 0.05, அதாவது 900 ஃபீட். ஹெலிக்ஸாக இறங்கும்போது மட்டும் பாதி வையுங்கள், அங்கே டூல் முழு அகலத்துக்கும் மெட்டீரியலில் இருக்கும்.

மரவேலை, உங்களுக்கும் தேய்ப்புதான், ஆனால் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். அதற்காக இந்த 18 மிமீ ஆழத்தை அந்த மெஷினில் முயல வேண்டாம், ஃபிரேம் வளைந்துவிடும்.

புது_புரோகிராமர்

3 பல் டூல், 900 ஃபீட். சிப் செதில் செதிலாக வந்தது, ரஃபிங் முழுசாக முடிந்தது! ஆனால் ஃபினிஷ் பாஸில் நாலு மூலையிலும் கீச்சென்று கத்துகிறது, சுவரில் அலை அலையாகக் கோடு.

டூல்ரூம்_அண்ணாச்சி

மூலை R3, டூல் ஆரமும் 3. மூலையில் டூல் திரும்ப இடமில்லை, நேராகப் போய் முட்டி நின்று திரும்புகிறது. ஒரு கணம் கால் சுற்று முழுக்க மெட்டீரியலில் உரசும். ரஃபிங்கில் 0.3 விட்டு, ஃபினிஷை 5 மிமீ டூலில் எடுங்கள். இல்லையென்றால் மூலையை R3.5 ஆக்கலாமா என்று கஸ்டமரிடம் கேளுங்கள்.

வைஸ்காரன்

5 மிமீ எல்லாம் எதற்கு? அதே டூலில் இன்னொரு தடவை சும்மா ஓட்டினால் கோடு போய்விடும்.

டூல்ரூம்_அண்ணாச்சி

சுவரில் போகும். மூலையில் மறுபடியும் கத்தும், ஓட்டிப் பாருங்கள்.

புது_புரோகிராமர்

கடையில் இருக்கும் 5 மிமீக்கு பல் நீளம் 15தான், 18-க்கு எட்டாது. நீளமானதை ஆர்டர் போட்டால் அது வளையுமோ என்று பயம். கஸ்டமருக்கு R3.5 கேட்டு மெயில் போட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. கழுத்துக் குறைத்த 5 மிமீ யாராவது இந்த ஆழத்தில் ஓட்டியிருக்கிறீர்களா?