பிவட் டேபிளில் தொகைக்குப் பதில் எண்ணிக்கை வந்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

பனியன்நகர்

சாயப்பட்டறை பில்கள், பார்ட்டி வாரியாக. பில் நம்பர், தேதி, பார்ட்டி, தொகை என்று வழக்கமான ஷீட்தான். எங்கள் பையன் பிவட் போட்டுப் பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைத்துவிட்டான். ஒரு பார்ட்டிக்கு நேரே வெறும் 6 என்று இருக்கிறது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆறு ரூபாய்க்குச் சாயம் போட்டார்களா?" என்றார்.

பையன் சளைக்கவில்லை. அந்த எண் மேல் ரைட் கிளிக், Summarize Values By, Sum. 79,150 என்று வந்தது. முதலாளிக்குத் திருப்தி, செக்கும் எழுதச் சொல்லிவிட்டார். மறுநாள் பார்ட்டி லெட்ஜரோடு வந்து நிற்கிறார்: 1,01,550. பில்களை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. 18,500, 22,000, 7,250, 31,400, 12,600, 9,800. ஷீட்டில் ஆறும் இருக்கின்றன. கடைசி இரண்டை மட்டும் பிவட் கண்டுகொள்ளவே இல்லை.

எனக்கு உறுத்துவது அந்த 6 இல்லை. அதைப் பார்த்தவுடனே ஏதோ தப்பு என்று தெரிந்துவிட்டது. 79,150ஐப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லையே, அதுதான்.

விடுதிக்கணக்கு

இதற்கா இவ்வளவு? காலத்தை செலக்ட் செய்து Format Cells போய் Number என்று மாற்றுங்கள், முடிந்தது. எங்கள் ஹாஸ்டல் மெஸ் பில்லில் மாதாமாதம் வரும் தொல்லை. அப்படித்தான் சரிசெய்கிறேன்.

நூல்கடை

விடுதிக்கணக்கு சார், ஃபார்மேட்டை மாற்றினால் செல்லுக்குள் எழுத்தாக இருப்பது எண்ணாக மாறாது. ஒவ்வொரு செல்லாகப் போய் F2, Enter தட்டினால்தான் எக்செல் அதை மறுபடி படித்து எண்ணாக எடுத்துக்கொள்ளும். நீங்கள் தெரியாமலேயே அதையும் சேர்த்துச் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் கதை சின்னது. நெட் பேங்கிங் பக்கத்தில் இருந்து காப்பி செய்த ஸ்டேட்மென்ட். தொகைக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. `TRIM` போட்டேன், போகவில்லை. ஸ்பேஸ் பாரில் அடிக்கும் இடைவெளி வேறு, வெப் பக்கத்தில் இருந்து வருவது வேறு. பின்னதற்கு எண் 160. `TRIM` அதைத் தொடாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இதை வைத்து எடுக்கலாம்:

```
=VALUE(SUBSTITUTE(D2,CHAR(160),""))
```

பனியன்நகர் அண்ணா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். Sumக்கு மாற்றும் முன் எந்தப் பார்ட்டியில் கோளாறு என்று பிவட்டையே சொல்ல வைக்கலாம். Valuesக்குள் தொகையை இரண்டு தடவை இழுத்துப் போடுங்கள். ஒன்று Count ஆகவே இருக்கட்டும். இன்னொன்றில் Value Field Settings போய் Count Numbers வையுங்கள். Count என்பது செல்லில் எது இருந்தாலும் எண்ணும், Count Numbers உண்மையான எண்ணை மட்டும் எண்ணும். உங்கள் பார்ட்டிக்கு 6, 4 என்று வரும். எங்கே இரண்டும் வேறுபடுகிறதோ அங்கே எழுத்தாகிப்போன தொகை இருக்கிறது. அதன் மேல் டபுள் கிளிக் செய்தால் அந்தப் பார்ட்டியின் வரிகள் மட்டும் தனி ஷீட்டில் விரியும். திருத்துவதை அங்கே செய்யாதீர்கள், அது நகல். மூல ஷீட்டில்தான் திருத்த வேண்டும்.

பில் நம்பரையும் Countஆகப் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது. பில் 7, தொகை 6 என்றால் ஒரு பில்லுக்குத் தொகை போடாமல் வெற்றாக விட்டிருக்கிறார்கள். அதை Count Numbers மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. மூலத்தைத் திருத்தி Refresh கொடுத்தாலும் Count, Sum ஆகாது. அதை நாம்தான் மாற்ற வேண்டும். சரியாகத் திருத்திவிட்டு, "இன்னும் எண்ணிக்கைதான் வருகிறது" என்று மறுபடி ஷீட்டைக் குடைந்துகொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விடுதிக்கணக்கு

F2, Enter உண்மைதான். அது பழக்கதோஷத்தில் கை தானாகச் செய்வது. அறுபது மாணவர்களுக்கு அது போதும். இதற்குப் போய் ஃபார்முலா தேவையில்லை என்பது என் கருத்து.

முகாம்_பதிவு

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ரத்ததான முகாம் பட்டியலில் ஊர் வாரியாக எத்தனை பேர் என்று வேண்டும். மொபைல் நம்பரை இழுத்துப் போட்டேன். எல்லா நம்பரையும் கூட்டி பதினொரு இலக்கத்தில் ஏதோ காட்டுகிறது! நீங்களெல்லாம் Count வருகிறதே என்று அழுகிறீர்கள், எனக்கு அது வரமாட்டேன் என்கிறது.

நூல்கடை

மேடம், மொபைல் நம்பருக்குப் பதில் பெயர் காலத்தை இழுங்கள். அது எழுத்து என்பதால் தானாகவே Count வரும்.

பால்சங்கம்

வெற்று செல்லைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை. எங்கள் சங்கத்தில் லிட்டர் காலம். பால் ஊற்றாத நாளில் செல் வெற்று. ஆபீஸ் கணினியில் பழைய எக்செல், Count வருகிறது. வீட்டில் மகளின் லேப்டாப்பில் 365, அதே கோப்புக்கு Sum வருகிறது. செயலாளர் இரண்டு பிரிண்டையும் வைத்துக்கொண்டு எது நிஜம் என்று என்னைக் கேட்கிறார்.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று, ஒரு செல்லில் 1 அடித்துக் காப்பி செய்து, காலம் முழுக்க Paste Special, Multiply கொடுத்தார்கள். எழுத்தெல்லாம் எண்ணாகியது, வாஸ்தவம். கூடவே வெற்று செல் எல்லாம் 0 ஆகிவிட்டது. ஒரு அம்மா எட்டு நாளில் நாலு நாள் ஊற்றியவர்: 8, 7, 9, 8. சராசரி 8 லிட்டர். இப்போது பிவட்டில் Average 4 என்கிறது. கூட்டுத்தொகை 32 மாறவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. அந்த அம்மா வந்து "என் மாடு பாதிதான் கறக்குதா?" என்று சண்டை பிடித்தபோதுதான் தெரிந்தது.

நூல்கடை

365 விஷயம் நானும் பார்த்தேன். வெற்று செல் மட்டும் என்றால் Sum போடுகிறது, ஒரு எழுத்து கலந்தாலும் Countக்குப் போய்விடுகிறது. பழைய எக்செலில் டேட்டா முடியும் வரி வரை மட்டும் தேர்ந்தெடுக்காமல் A:F என்று முழுக் காலத்தையும் கொடுத்தாலும் Count வரும், கீழே கிடக்கும் வெற்று வரிகளும் உள்ளே வந்துவிடுவதால். Multiplyக்கு முன் வெற்று இல்லாத செல்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

ஆனால் பால் ஊற்றாத நாளுக்கு 0 போடுவதே சரி என்பது என் அபிப்பிராயம். வெற்று என்றால் ஊற்றவில்லையா, எழுத மறந்துவிட்டார்களா என்று எப்படித் தெரியும்?

பால்சங்கம்

0 போட்டால் சராசரி கெடும் என்று இப்போதுதானே சொன்னேன்.

நூல்கடை

சராசரியை ஊற்றிய நாளுக்கு மட்டும் தனியாக எடுங்கள்.

பால்சங்கம்

அதற்குத்தான் வெற்றாக விடுகிறோம்.

பனியன்நகர்

நூல்கடை சொன்னபடி இரண்டு காலமும் போட்டேன். 6, 4 என்றே வந்தது. ஃபார்முலா போட்டதும் 12,600 எண்ணாகிவிட்டது. 9,800 மட்டும் `#VALUE!` என்கிறது. இடைவெளியும் இல்லை, எதுவும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 9,8க்குப் பிறகு இருப்பது பூஜ்யமே இல்லை, ஆங்கில O இரண்டு தடவை அடித்திருக்கிறார்கள். இனி இந்த ஃபார்முலா காலத்தையே பிவட்டுக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அந்த `#VALUE!` இருக்கும்வரை மொத்தமும் `#VALUE!` என்றுதான் வருகிறது, ஆக யாரும் செக் எழுத முடியாது. பையனுக்கு அது பிடிக்கவில்லை, `IFERROR` போட்டு 0 ஆக்கிவிடவா என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.