புதுப்பிப்பு: மீத்தேன் கணக்கில் +211 வந்த கதை

நான் கேட்டது: “எரிதல் வெப்பங்களை வைத்து மீத்தேனின் உருவாதல் என்தால்பி போட்டால் +211 வருகிறது, விடை −74.8. குறியை எங்கே விட்டேன்?”

எல்லோருக்கும் நன்றி. கடைசியில் குறி சரியாகத்தான் இருந்தது! இலக்குச் சமன்பாட்டை மேலே எழுதி, ஒவ்வொரு பொருளாக அடித்துப் பார்க்கச் சொன்ன அக்காவின் யோசனைதான் பலித்தது. அடிக்கும்போது ஒரு H2O மிச்சம் நின்றது. ஹைட்ரஜன் வரியை நான் இரட்டிக்கவே இல்லை.

```
C + O2 → CO2            −393.5
2H2 + O2 → 2H2O         −571.6
CO2 + 2H2O → CH4 + 2O2  +890.3
C + 2H2 → CH4           −74.8 kJ
```

மூன்றாவது வரி திருப்பியது, அதனால் +890.3. இப்போது O2 இரண்டு பக்கமும் 2, முழுதாக அடிபடுகிறது.

“விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள்” என்ற குறுக்குவழியையும் போட்டுப் பார்த்தேன், +74.8 வந்தது. அது உருவாதல் மதிப்புகளுக்குத்தான் பொருந்தும். எரிதல் மதிப்பு என்றால் வினைபடுபொருளிலிருந்து கழிக்க வேண்டும்.

அப்புறம், நீராவி பற்றிக் கேட்ட நண்பர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அடுத்த தாளில் நானே மாட்டினேன்: நீருக்கு −285.8 போடாமல் நீராவியின் −241.8 போட்டதில் விடை +13.2. (g), (l) ஒத்துப்போகாவிட்டால் அடிக்கக் கூடாது.

சுழற்சிப் படம் வரைவதா, இப்படிக் கூட்டுவதா, எது வேகம் என்ற சண்டை இன்னும் தீரவில்லை. எனக்கு அம்புக்குறிதான் குழப்புகிறது.