சுங்கை சிப்புட் வீட்டு ஹாலுக்குக் கார்ப்பெட்: ஒரே ஒரு சந்தேகம்

வணக்கம் உறவுகளே. ஹால் 12க்கு 14 அடி, மொசைக் தரை, 7 அடி சோபா, இரண்டு பூனை, ஒரு நாய். பிள்ளைகளும் நாளெல்லாம் நடமாடுவார்கள்.

அளவு முடிவாகிவிட்டது: 6க்கு 9 அடி. சோபாவின் இரு பக்கமும் ஓரடி மிஞ்சும். முன்கால்கள் 8 அங்குலம் கார்ப்பெட்டின் மேல் ஏறுவதால், நாய் ஓடினாலும் நகராது. எதிர்ச்சுவர் பக்கம் மூன்றரை அடி நடைபாதை வெறும் தரையாகவே இருக்கும்.

இழையில் வளைய வகை வேண்டாம். பூனை நகம் ஒரு வளையத்தில் மாட்டினால் வரிசையே உருவிக்கொண்டு வரும். நுனி வெட்டிய, 8 மில்லிமீட்டருக்கு மேல் போகாத இழைதான் சரி. நீளமானால் முடி அடியில் சிக்கிக்கொள்ளும்.

பொருள் பாலிபுரொப்பிலீன். இழை நீரை உறிஞ்சாது. ஆனால் சோபா கால் அழுத்திய இடம் எளிதில் நிமிராது, எண்ணெய்க் கறையும் பிடிவாதமாக நிற்கும். கம்பளி சிறுநீரை இழுத்துக்கொள்ளும், சணல் நம்மூர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

சிக்கல் அடிப்புறத்தில்தான். இழை உறிஞ்சாவிட்டாலும் சிறுநீர் கீழே இறங்கும். அங்கே சணல் நூலோ ஒட்டுப்பசையோ இருந்தால் நாற்றம் தங்கிவிடும். கழுவினாலும் முழுதாகப் போகாது. வாங்குமுன் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள்: பழுப்பு நார் தெரிந்தால் சணல்.

சணலும் பசையும் இல்லாமல், அடிப்புறமும் பாலிபுரொப்பிலீனால் நெய்த 6க்கு 9 ஈப்போ பக்கம் எங்கே கிடைக்கும்? பயன்படுத்துபவர்கள் அடியில் என்ன விரிப்பு போடுகிறீர்கள், மொசைக்கில் கறை விழுந்ததா என்றும் சொல்லுங்கள்.