புதுப்பிப்பு: ரூ.4,232.25 வித்தியாசம் பிடிபட்டது

என் பழைய கேள்வி: "தாத்தாவின் கடைப் பேரேடு, 1958. போட்டோக்களைப் பார்த்து எக்செலில் ஏற்றினேன். என் கூட்டல் பேரேட்டு மொத்தத்தைவிட ரூ.4,232.25 அதிகம். எங்கே தேடுவது?"

ஒருவர் 9-ஆல் வகுக்கச் சொன்னார். மீதியில்லாமல் போனது. இலக்கம் இடம் மாறியிருக்கும் என்றார்; இரண்டு நாள் தேடினேன், இல்லை. இன்னொருவர் தன் வீட்டுப் பத்திரத்தில் அணாவைப் பைசாவாக்கிய கதையைச் சொன்னார். இங்கே எல்லாமே நயா பைசா.

கடைசியில் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். கூட்டுறவு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். "99-ஆல் வகுடா" என்றார். 42.75 வந்தது. தசமப் புள்ளி விடுபட்டால் தொகை நூறு மடங்காகும். அதில் ஒரு பங்கு சரியானது, மிச்சம் 99 பங்கும் பிழை.

"இப்போ 4275-ஐத் தேடு."

ஆடி மாதப் பக்கத்தில் இருந்தது, எண்ணெய்க் கணக்கில். போட்டோவைப் பெரிதாக்கி, 2-க்கும் 7-க்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டினார். மற்ற இலக்கங்கள் ஒட்டி நிற்கின்றன, அங்கே மட்டும் ஒரு நெல் அளவு விலகல். எழுதியவர் 42.75 என்றுதான் கூட்டியிருக்கிறார், அதனால்தான் அவர் மொத்தம் சரி.

மை மங்கியதா, ஃபிளாஷ் வெளிச்சம் புள்ளியை விழுங்கியதா என்று தெரியவில்லை. "ஃபிளாஷ் போடாம, ஜன்னல் பக்கம் வெச்சு மறுபடி எடு" என்கிறார். பேரேடு அத்தை வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது பார்க்கிறேன்.